உறக்கத்துக்கு 64 மதிப்பெண்

பெங்களூரு பெல்லந்தூரில் ஓர் அடுக்ககம். காலை ஆறரை மணி. ஐந்து மாதக் குழந்தை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தாய் கண்விழித்ததும் குழந்தையைப் பார்க்கும் முன்னரே கைப்பேசியைப் பார்க்கிறாள். திரையில் 64 என்ற எண். அதன் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஏழு சிறு கோடுகள். ஏழு விழிப்புகள் என்று பொருள். பேரனைப் பார்த்துக்கொள்ளத் தருமபுரியிலிருந்து வந்து, அதே அறையில் பாய் விரித்துப் படுத்திருந்த பாட்டிக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. “ராத்திரி ரெண்டு தரம் எழுந்தான், பால் குடிச்சான், தூங்கிட்டான். வேற என்னடி வேணும்?” என்கிறாள். “ஏழு தடவை முழிச்சிருக்கான்னு காட்டுதும்மா” என்கிறாள் மகள். அன்று மாலை அவள் இணையத்தில் தேடப்போவது இரவுப் பாலை நிறுத்துவது எப்படி என்பதைத்தான்.

இது ஒரு வகைமாதிரிக் காட்சி. வெளிவட்டச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. இதில் பாட்டியின் அனுபவத்தை அறிவியலுக்கு எதிராக நிறுத்திக் கைதட்டல் வாங்குவது எளிது. அது நேர்மையான வாதம் ஆகாது. பாட்டிகளும் தவறுவார்கள், குப்புறப் படுக்கவைத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று சொன்ன பாட்டிகள் உண்டு. இங்கே வைக்கப்படும் குற்றச்சாட்டு வேறு. உறக்க ஆய்வு என்ற துறை தனக்கென வகுத்துக்கொண்ட அளவுகோல்களைக் கொண்டு சோதித்தாலே அந்த 64 தேறாது. அறிவியலின் உடையை அணிந்துகொண்டு அறிவியலின் கட்டுப்பாடுகளை ஏற்க மறுக்கும் எண் அது.

முதலில், கருவி எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். உறக்கம் என்பது மூளையின் நிலை. அதை நேரடியாக அறிய ஒரே வழி பாலிசோம்னோகிராஃபி: தலையில் மின்முனைகள், கண்ணசைவு, தாடைத் தசை, மூச்சு, இதயத்துடிப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பதிந்து, பயிற்சி பெற்ற ஒருவர் முப்பது விநாடிக்கு ஒரு துண்டாகப் படித்து, ‘இது உறக்கம், இது விழிப்பு’ என்று குறிப்பது. வீட்டில் விற்கப்படும் எந்தக் கருவியும் இதைச் செய்வதில்லை. சிலவற்றில் முடுக்கமானி உண்டு. அது அசைவை அளக்கிறது. சிலவற்றில் கேமரா, அதுவும் அசைவைத்தான் அளக்கிறது. காலுறைக் கருவிகள் தோலின் வழியே ஒளியைச் செலுத்தி நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் செறிவையும் கணிக்கின்றன. 2017இல் பெங்களூரிலிருந்தே புறப்பட்டு, கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்டிய ரேபேபி என்ற கருவி, குழந்தையைத் தொடாமல் ரேடார் அலைகளால் மூச்சின் அசைவைப் பிடிப்பதாக அறிமுகமானது. வழிகள் பல, ஆனால் அசைவு, துடிப்பு, மூச்சு ஆகியவற்றிலிருந்து உறக்கத்தை ஊகிப்பதே எல்லாவற்றிலும் நடப்பது.

ஊகித்தல் தவறன்று. ஆய்வாளர்களும் அதைச் செய்கிறார்கள். ஆக்டிகிராஃபி எனப்படும் அசைவுப்பதிவு பல பத்தாண்டுகளாகப் புழங்கும் முறை. குழந்தையின் முதல் ஆண்டுக்கென அவி சடேவும் அவர் குழுவினரும் 1995இல் வெளியிட்ட கணிப்பு முறை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் ஆய்வாளர்கள் அதனுடன் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே வைத்தார்கள். பெற்றோர் கையால் எழுதும் நாட்குறிப்பு கூடவே இருக்க வேண்டும்; குழந்தையைத் தூக்கி நடந்த நேரம், ஆட்டித் தூங்கவைத்த நேரம், வண்டியில் சென்ற நேரம் ஆகியவற்றை அதைப் பார்த்துத் திருத்த வேண்டும். வெளியிலிருந்து வரும் அசைவைக் குழந்தையின் அசைவிலிருந்து பிரித்தறியக் கருவிக்கு வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். சந்தைக்கு வந்தபோது கருவி மட்டும் வந்தது. நாட்குறிப்பு ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது.

நம் வீடுகளில் இதன் விளைவு என்ன? குழந்தை தூளியில் உறங்குகிறது. சேலைத் தொட்டிலை ஒருவர் ஆட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே குழந்தை ஆழ்ந்து உறங்க, கால்பட்டையில் உள்ள முடுக்கமானி தூளியின் ஊசலாட்டத்தைக் குழந்தையின் துறுதுறுப்பாக எழுதிக்கொள்ளும். குழந்தை தாயின் அருகில் படுத்திருந்தால், தாய் புரண்டு படுப்பதும் குழந்தையின் கணக்கில் ஏறும். கேமராவின் நிலையும் இதுதான். தனி அறை, கம்பியிட்ட தனிக் கட்டில், மேலிருந்து நேராகக் கீழே நோக்கும் கண் என்ற ஏற்பாட்டுக்காக அது வடிவமைக்கப்பட்டது. கொசுவலையும் மூவர் படுக்கும் மெத்தையும் அதற்குப் புரியாத உலகம்.

தூளியும் இல்லை, தாயும் அருகில் இல்லை, குழந்தை தனிக் கட்டிலில்தான் கிடக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. பெரியவர்களுக்குப் பொருந்தும் ‘அசைவு என்றால் விழிப்பு, அசைவின்மை என்றால் உறக்கம்’ என்ற சமன்பாடு குழந்தையிடம் இரு பக்கமும் உடைகிறது. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி, செயல் உறக்கம் எனப்படும் வகை. அதில் குழந்தை கை கால்களை வெட்டி இழுக்கும், முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், சில வேளை சிறிது அழவும் செய்யும். மூச்சு சீரின்றி ஓடும். உறக்கத்தில் சிரிக்கும் குழந்தையைக் கண்டு மகிழாத தமிழ் வீடு இல்லை. அது உறக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். கருவிக்குத்தான் அது விழிப்பு. மறுபுறம், வயிறு நிறைந்த குழந்தை இருட்டில் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடப்பதும் உண்டு. அது கருவிக்கு உறக்கம். பாட்டியின் இரண்டும் திரையின் ஏழும் எங்கே பிரிகின்றன என்பதற்கு இது போதும். மீதமுள்ள ஐந்து கோடுகள் பெரும்பாலும் உறங்கும் குழந்தையின் முனகலாகவும் உதைப்பாகவும் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி.

இங்கே விற்பனையாளர் தரப்பிலிருந்து ஒரு பதில் வரும். தனித்தனி நிமிடங்களில் பிழை இருக்கலாம், ஆனால் இரவின் மொத்த உறக்க நேரம் ஆய்வகப் பதிவுடன் நன்கு ஒத்துப்போகிறதே என்பார்கள். இந்தப் பதில்தான் மாணவர்கள் நின்று ஆராய வேண்டிய இடம். ஏனெனில் அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்துகொண்டே ஏமாற்றவும் செய்யலாம்.

அசைவைக் கொண்டு ஊகிக்கும் முறைகளில், உறக்கத்தை உறக்கம் என்று கண்டறியும் திறன் உயர்ந்தும், விழிப்பை விழிப்பு என்று கண்டறியும் திறன் கணிசமாகத் தாழ்ந்தும் இருப்பது இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் பதிவான செய்தி. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கருவியை எண்ணிக்கொள்ளலாம். அது உறக்க நிமிடங்களில் நூற்றுக்கு 90ஐச் சரியாகக் கண்டறிகிறது. மீதி 10ஐ விழிப்பு என்கிறது. விழிப்பு நிமிடங்களில் நூற்றுக்கு 50ஐத்தான் சரியாகக் கண்டறிகிறது. மீதி 50ஐ உறக்கம் என்கிறது. குழந்தை 600 நிமிடம் படுக்கையில் இருக்கிறது. உண்மையில் 500 நிமிடம் உறங்கி, 100 நிமிடம் விழித்திருக்கிறது. கருவி, 500 உறக்க நிமிடங்களில் 450ஐ உறக்கம் என்கிறது. 100 விழிப்பு நிமிடங்களில் 50ஐயும் உறக்கம் என்கிறது. இரண்டையும் கூட்டினால் 500. ஆய்வகப் பதிவும் 500, கருவியும் 500. விளம்பரத்தில் ‘துல்லியம்’ என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த இரவில் கருவி 100 நிமிடங்களைத் தவறாகக் குறித்திருக்கிறது. இரு திசைப் பிழைகளும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. தவறாக விழிப்பு எனக் குறிக்கப்பட்ட 50 நிமிடங்கள் இரவெங்கும் சிதறிக் கிடந்தால், அவைதான் ஆரஞ்சுக் கோடுகள்.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல். 400 நிமிடமே உறங்குகிறது. 200 நிமிடம் விழித்திருக்கிறது. கருவி தரும் விடை 360உம் 100உம் சேர்ந்து 460. உண்மையில் உறக்கம் 100 நிமிடம் குறைந்திருக்க, கருவி 40 நிமிடக் குறைவையே காட்டுகிறது. மூன்றாம் இரவு குழந்தை தேறி 580 நிமிடம் உறங்குகிறது, 20 நிமிடம் விழிக்கிறது. கருவியின் விடை 522உம் 10உம் சேர்ந்து 532. உண்மையான இரவுகள் 400க்கும் 580க்கும் இடையே 180 நிமிட அகலத்தில் விரிந்திருக்க, கருவியின் இரவுகள் 460க்கும் 532க்கும் இடையே 72 நிமிடத்தில் ஒடுங்கிவிடுகின்றன. உண்மையில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்தக் கருவி நூற்றுக்கு 40ஆகச் சுருக்கிக் காட்டும். 90இலிருந்து 50ஐக் கழித்தால் வரும் 40 அது. பல குழந்தைகளின் சராசரியில் கருவி நேர்த்தியாகத் தெரியும். ஒரே குழந்தையின் கடினமான இரவில்தான், பெற்றோருக்கு உண்மை தேவைப்படும் அதே இரவில்தான், அது மிகுதியாகப் பிழைக்கும். ஆகவே ‘சராசரி வேறுபாடு பூச்சியம்’ என்று எழுதும் ஆய்வுக் கட்டுரையைக் கண்டால், விழிப்பைக் கண்டறியும் திறன் எவ்வளவு என்ற வரியைத் தேட வேண்டும். அந்த வரி இல்லையென்றால், கட்டுரையை மூடிவைப்பதில் இழப்பில்லை.

அளவீடு இப்படியிருக்க, அதன்மேல் கட்டப்படும் மதிப்பெண் இன்னும் பலவீனமானது. 64 என்பது எதில் 64? மொத்த நேரம், விழிப்புகளின் எண்ணிக்கை, படுத்த நேரம் எனப் பலவற்றை ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து நூறுக்குள் அடக்கிய எண். எந்த விகிதம், ஏன் அந்த விகிதம் என்பது பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. மதிப்பெண் என்றால் முழு மதிப்பெண் என்ற ஒன்று இருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கும் குழந்தை எப்படி உறங்கும் என்று முடிவு செய்தவர் யார்?

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் தரும் விடை மிகவும் தயக்கமானது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் குழந்தைகளுக்கான உறக்க நேரப் பரிந்துரைகளை வெளியிட்டது. நான்கு முதல் பன்னிரண்டு மாதம் வரையிலான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் என்றது. நான்கு மணி நேர அகலமுள்ள பரிந்துரை அது. நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு எந்த எண்ணையும் தரவில்லை; இயல்பின் வீச்சு அத்தனை அகலமானது, சான்றும் போதாது என்பது காரணம். துறையின் வல்லுநர் குழு எண் சொல்ல மறுத்த வயதுக் குழந்தைக்குக் கைப்பேசிச் செயலி இரண்டு இலக்கத் துல்லியத்தில் மதிப்பெண் போடுகிறது.

விடாமல் உறங்குவது பற்றிய சான்றும் இதே பக்கம் நிற்கிறது. கனடாவில் மரி-எலென் பென்னஸ்திரியும் குழுவினரும் 2018இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் 37.6 விழுக்காட்டினர் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்கூட உறங்கவில்லை. எட்டு மணி நேரம் என்று கேட்டால் 57 விழுக்காட்டினர் உறங்கவில்லை. ஓராண்டு நிறைந்த பின்னும் 43.4 விழுக்காட்டினர் எட்டு மணி நேரத் தொடர் உறக்கத்தை எட்டவில்லை. அப்படி உறங்காத குழந்தைகளின் மன வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ குறை காணப்படவில்லை. தாயின் மனநிலையோடும் தொடர்பு தெரியவில்லை. ஒரு தரவுத் தொகுப்பு மட்டுமே என்று இதைத் தள்ளலாம். ஆனால் மதிப்பெண்ணின் பக்கம் வைக்க அப்படியொரு தொகுப்புக்கூட இல்லை. இரவில் இருமுறை பால் குடிக்க எழும் ஐந்து மாதக் குழந்தை இயல்பின் நடுவில் நிற்கிறது. அதைக் குறை மதிப்பெண்ணாக மாற்றும் கருவி உறக்கத்தைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு தாய்ப்பாலைக் குறை சொல்கிறது.

படுக்கும் நேரம் பற்றிய கதை இன்னும் வெளிப்படையானது. ஜோடி மிண்டெல் தலைமையில் 17 நாடுகளைச் சேர்ந்த 29,287 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2010இல் வந்தது. இந்தியாவும் அந்த நாடுகளில் ஒன்று. சராசரியாகக் குழந்தை படுக்கப்போகும் நேரம் நியூசிலாந்தில் மாலை 7:27, ஹாங்காங்கில் இரவு 10:17. ஏறத்தாழ மூன்று மணி நேர வேறுபாடு. பெற்றோருடன் ஒரே படுக்கையில் உறங்கும் பழக்கம் நியூசிலாந்தில் 5.8 விழுக்காடு, வியட்நாமில் 83.2 விழுக்காடு. தந்தை அலுவலகத்திலிருந்து சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கடந்து ஒன்பது மணிக்கு வீடு சேரும் பெங்களூரில், அவர் முகம் பார்த்துவிட்டு உறங்கும் குழந்தைக்கு நியூசிலாந்தின் கடிகாரத்தை வைத்து மதிப்பெண் குறைப்பதை மருத்துவம் என்று அழைக்க முடியாது. அது ஒரு குடும்ப அமைப்பு இன்னொன்றுக்கு இடும் தேர்வு.

இனி காலுறைக்கு வரலாம். இங்கே வணிகத்தின் மூலதனம் மதிப்பெண்ணைவிடக் கூர்மையானது: மரண அச்சம். தொட்டிலில் உறங்கிய குழந்தை காரணமின்றி இறந்துபோகும் திடீர் சிசு மரணம் என்ற அச்சம். இந்தச் சந்தையின் முன்கதை அரை நூற்றாண்டு பழையது. ஆய்வுலகமே அதற்குப் பொறுப்பு என்பதால் மறக்கக்கூடாதது. ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1972இல் ஐந்து குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை எழுதினார். உறக்கத்தில் நீளும் மூச்சுத் தடையே இந்த மரணங்களுக்கு முன்னறிகுறி என்பது அதன் சாரம். அந்த ஐவரில் இறந்துபோன இருவர் ஒரே தாயின் பிள்ளைகள். வீட்டு மூச்சுக் கண்காணிப்புக் கருவிகளின் தொழில் அந்தக் கட்டுரையின் நிழலில் வளர்ந்தது. தன் பிள்ளைகள் ஐவரைக் கொன்ற குற்றத்துக்காக அந்தத் தாய் 1995இல் தண்டிக்கப்பட்டார். கட்டுரையின் இரு குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். ஒரு கோட்பாட்டின் முதன்மைச் சான்று கொலையாக முடிந்தது. கோட்பாடு சரிந்த பிறகும் கருவி நின்றது.

பின்னர் முறையான ஆய்வு ஒன்று நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வீட்டில் கண்காணித்து 2001இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த சைம் ஆய்வு அது. மூச்சு நிற்பதும் துடிப்பு குறைவதுமான சாதாரண அலார நிகழ்வுகள், நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளிடமும் பரவலாகக் காணப்பட்டன. கடுமையான நிகழ்வுகள் குறைமாதக் குழந்தைகளிடம் மிகுந்திருந்தன; ஆனால் திடீர் மரணங்கள் உச்சம் தொடும் வயதுக்கு முன்பே அந்த மிகுதி அடங்கிவிட்டது. அலாரம் அடிப்பது ஒன்று, ஆபத்து வேறொன்று என்பதே அதிலிருந்து கிடைத்த பாடம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும், இத்தகைய வீட்டுக் கருவிகளைத் திடீர் மரணத்தைத் தடுக்கும் உத்தியாகக் கொள்ளவேண்டாம் என்றே சொல்கிறது.

காலுறை இந்த வரலாற்றை அழகான பொட்டலத்தில் மீண்டும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஔலெட் நிறுவனத்தின் காலுறை இவற்றில் பெயர்பெற்றது. 2018இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் கிறிஸ்டபர் பொனஃபைடும் குழுவினரும் அந்தக் காலுறையையும் பேபி விடா என்ற மற்றொரு கருவியையும் 30 குழந்தைகளிடம் மருத்துவமனைக் கருவியுடன் ஒப்பிட்டார்கள். ஔலெட் ஆக்சிஜன் குறைவைக் கண்டறிந்தது, ஆனால் சீராக அன்று. பேபி விடா ஒருமுறைகூட ஆக்சிஜன் குறைவைக் காட்டவில்லை. மாறாக, 30 பேரில் 14 பேருக்கு இல்லாத துடிப்புக் குறைவைக் காட்டியது. இரண்டும் கடையில் கிடைத்த பொருள்கள். வாங்கிய பெற்றோருக்கு எது எப்படி என்று அறிய வழியில்லை.

2021 அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஔலெட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மருத்துவக் கருவிக்குரிய அனுமதி பெறாமல் அப்படிப்பட்ட பயனைச் சொல்லி விற்றது என்பதே குற்றச்சாட்டு; துல்லியம் பற்றிய தீர்ப்பாக அதைப் படிக்கக்கூடாது. விற்பனை நின்றது, சில மாதங்களில் உறக்கத்தை முன்னிறுத்தி ‘ட்ரீம் சாக்’ என்ற பெயரில் வேறொரு காலுறை வந்தது. நியாயமாகச் சொன்னால், அந்த நிறுவனம் பின்னர் உரிய சோதனைகளை முன்வைத்து 2023இல் அனுமதியும் பெற்றது. எனினும் அந்த அனுமதி நாடியையும் ஆக்சிஜனையும் காட்டலாம் என்பதற்கானது. உயிர் காக்கும் என்பதற்கானது அன்று. ஆனால் 2021க்கும் 2023க்கும் இடைப்பட்ட நிகழ்வுதான் இந்தத் தொழிலின் உளவியலைக் காட்டிக்கொடுக்கிறது. ‘மருத்துவம்’ என்ற சொல்லுக்குச் சட்டம் குறுக்கே வந்தால் ‘உறக்கம்’ என்ற சொல்லுக்கு நகர்ந்துவிடலாம். உறக்கத்துக்குக் காவலர் இல்லை.

இந்தியாவிலும் இதே இடைவெளி உண்டு. 2020 பிப்ரவரி அறிவிக்கையின்படி அவ்வாண்டு ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும், மென்பொருள் உட்பட, மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ஆனால் ஒன்று மருத்துவக் கருவியா என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்கும் நோக்கமே பெரிதும் முடிவு செய்கிறது. ‘நலவாழ்வுக்கு மட்டும்’ என்று பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிட்டு, பெட்டியின் முகப்பில் உறங்கும் குழந்தையையும் நிம்மதியான தாயையும் வரைந்துவிட்டால் போதும். பயந்த தாய் முகப்பைத்தான் படிப்பாள்.

தோல் நிறத்தின் கேள்வியும் உண்டு. சிவப்பு, அகச்சிவப்பு என இரு ஒளிகளைத் தோலின் வழியே செலுத்தி ஆக்சிஜனைக் கணிக்கும் இந்த நுட்பம், கருந்தோலில் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும். மிச்சிகனில் மைக்கேல் ஷோடிங்கும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருவி நன்றாக இருப்பதாகச் சொல்லியும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளை நோயாளிகளைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. அவர்கள் பெரியவர்கள், பயன்பட்டவை மருத்துவமனைக் கருவிகள். குழந்தையின் பாதத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தென்னிந்தியக் குழந்தைகளின் பாதத்தில் சோதித்த முடிவைக் காட்டு என்று விற்பவரிடம் கேட்கும் உரிமையை அது தருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, குழந்தையின் உடலில் கட்டும் கருவி என்றாலே மோசடி என்ற முடிவுக்குத் தாவக்கூடாது. மறுப்பு இதே பெங்களூரிலேயே இருக்கிறது. பெம்பு என்ற இந்நகரத்து நிறுவனம் எடை குறைந்த பச்சிளம் குழந்தைகளுக்கென ஒரு கைப்பட்டை செய்தது. குழந்தையின் உடல்வெப்பம் சரியாக இருந்தால் நீல விளக்கு மினுக்கும். குளிர்ந்துபோனால் ஆரஞ்சு விளக்கு எரிந்து ஒலி எழும். அதைக் கேட்டதும் தாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். புதுச்சேரி ஜிப்மரில் அதைச் சோதித்த மருத்துவர்கள் 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தப் பட்டையில் மதிப்பெண் இல்லை, வரைபடம் இல்லை, நேற்றைய இரவோடு ஒப்பீடு இல்லை. உடல்வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற எல்லை. யாருக்கு ஆபத்து என்பது தெரியும்: எடை குறைந்த குழந்தைக்கு. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அது தாயின் கைக்கெட்டும் செயல்.

64க்கு இவற்றில் எதுவும் இல்லை. அதற்கு ஏற்கப்பட்ட எல்லை கிடையாது. ஆபத்தில் இருக்கும் குழந்தையை நோக்கியும் அது செய்யப்படவில்லை. நலமாக இருக்கும், வாங்கும் வசதி உள்ள வீட்டுக் குழந்தையை நோக்கிச் செய்யப்பட்டது. எண்ணைப் பார்த்தபின் செய்ய வேண்டியது என்ன என்பதற்கும் நல்ல விடை இல்லை. அதனால்தான் தாய் இரவுப் பாலில் கைவைக்கிறாள். இதில் கசப்பான நகைச்சுவை என்னவென்றால், குழந்தையின் உறக்கத்தில் உண்மையில் கவனிக்கப்பட வேண்டியவை எவையோ அவை மதிப்பெண்ணுக்குள் வருவதில்லை. மல்லாக்கப் படுத்திருக்கிறதா, முகத்தருகே தலையணையோ கனத்த போர்வையோ கிடக்கிறதா, தூளியில் கழுத்து மடங்கித் தாடை மார்பில் படிகிறதா, அறையில் யாரேனும் புகைக்கிறார்களா என்பவை அவை. மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கம் 1990களில் பரவிய பிறகு அமெரிக்காவில் திடீர் சிசு மரண விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதற்கு மின்கலமோ மாதச் சந்தாவோ தேவைப்படவில்லை. குப்புறப் படுத்து அசையாமல் நீண்டநேரம் உறங்கும் குழந்தைக்கோ இந்தச் செயலிகள் உயர்ந்த மதிப்பெண்ணையே தரும்.

தாயின் உறக்கமும் அதில் வருவதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனநலத்தைப் பார்க்கும் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: குழந்தை உறங்கும்போது உங்களால் உறங்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. குழந்தை உறங்கும்போது கைப்பேசித் திரையைப் பார்த்து விழித்திருக்கச் செய்யும் பொருளுக்கு ‘நிம்மதி’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

பெங்களூரின் ஆய்வுலகம் இதில் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. நிம்ஹான்ஸில் பாலிசோம்னோகிராஃபி செய்யும் உறக்க ஆய்வகம் இருக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் சேர்ந்தே சிகிச்சை அளிக்கும் மனநலப் பிரிவும் அங்கே இருக்கிறது. கருவி செய்வோர் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார்கள். தூளியிலும் மெத்தையிலும் தாயருகிலும் உறங்கும் நாற்பது குழந்தைகளை ஓர் இரவு கருவியோடும் ஆய்வகப் பதிவோடும் ஒருசேரப் பதிவது ஒரு முனைவர் பட்ட ஆய்வின் அளவுக்குள் அடங்கும் வேலை. முடிவை மொத்த நிமிடங்களாக இன்றி, முப்பது விநாடித் துண்டுகளாகப் பெயர் நீக்கி வெளியிட வேண்டும். விழிப்பைக் கண்டறியும் திறனைத் தனியாக எழுத வேண்டும். மதிப்பெண்ணின் சூத்திரத்தை நிறுவனம் தர மறுத்தால் மறுத்தது என்று அச்சிட வேண்டும். அதுவரை பெல்லந்தூர்த் தாய் தன் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை குழந்தையின் எடை அட்டையும், இரவில் எத்தனை முறை பால் குடித்தது என்ற பாட்டியின் கணக்கும்தான்.